486 பக்கப் பத்திரக் கட்டு: பகுதி பிரித்து, ஓடுகுறிப்பு வைத்துப் படித்த ஒரு நிகழ்வு

பின்னணி

ஈரோட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் ஜூனியராக இருந்தபோது நடந்தது இது. சென்னிமலைக்குக் கிழக்கே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் 5 ஏக்கர் தோட்டம் விலைக்கு வந்தது. வாங்க நினைத்தவர்கள் பெருந்துறைப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவி. பத்துப் பதினைந்து வருடச் சேமிப்போடு மனைவியின் நகையையும் சேர்த்து இறங்குகிறார்கள். விற்பவர் அறுபது வயதைத் தாண்டியவர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஊரில் நல்ல பெயர் உள்ளவர். விலை பேசி முடித்து, 12 நாளில் கிரய ஒப்பந்தம் எழுதுவதாக இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பிறகுதான் பத்திரங்களைப் பார்த்துச் சொல்லும்படி எங்களிடம் வந்தார்கள்.

விற்பவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் வரிசையாக நகலெடுத்து, நூல் போட்டு ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் 486 பக்கம். 1948-ம் வருடத்துக் கிரயப் பத்திரம் தொடங்கி போன வருடத்து நிலவரி ரசீது வரை உள்ளே இருந்தது. நடுவில் வழித்தடம் சம்பந்தமாக 1978-ல் நடந்த ஒரு முன்சீப் கோர்ட் வழக்கின் சாட்சியம், தீர்ப்பு, அடமானப் பத்திரங்கள், அவற்றை அடைத்த ரசீதுகள், சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்றுகள் எல்லாம் கலந்து கிடந்தன. ஓரளவு கால வரிசை இருந்தது, ஆனால் நம்பக்கூடிய வரிசை இல்லை.

நாங்கள் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். இந்த 5 ஏக்கரும் முழுமையாக இவருடையதுதானா? கூடவே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லும் கிணற்றுப் பாத்தியம் எவ்வளவு? விற்பவர் பேசும்போதே, "கிணத்துல மூணுல ஒரு பங்கு நம்முளுதுங்க, எங்க அய்யன் காலத்துல இருந்தே அப்படித்தானுங்க" என்று சொல்லியிருந்தார். ஒப்பந்த நகலிலும் அப்படியே எழுதியிருந்தார்கள்.

முதல் முயற்சி

486 பக்கத்தை ஒரே ஆள் ஒரே மூச்சில் படிக்க முடியாது. பழைய பத்திரங்கள் கையெழுத்தில் இருந்தன, சில பக்கங்களில் நகல் மங்கியிருந்தது. ஒரு பத்திரத்தைப் புரிந்து படிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். நூறு பக்கம் தாண்டுவதற்குள் முதல் பத்திரத்தில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது மறந்துவிடும். ஆகவே பிரித்துப் படிப்பது என்று முடிவானது. அது சரியான முடிவுதான். பிரித்த விதத்தில்தான் தவறு நடந்தது.

நான், இன்னொரு ஜூனியர், குமாஸ்தா என்று மூன்று பேர் இருந்தோம். 486-ஐ மூன்றால் வகுத்து ஆளுக்கு 162 பக்கம் எடுத்துக்கொண்டோம். இரண்டு நாளில் ஒவ்வொருவரும் தன் பாகத்துக்கு ஒரு சுருக்கம் எழுதினோம். மூன்று சுருக்கத்தையும் சேர்த்தபோது நான்கு பக்கம் வந்தது. அதைப் படித்தால் எல்லாம் சுத்தமாக இருப்பது போலத் தெரிந்தது. 1948-ல் தாத்தா 11 ஏக்கர் 40 சென்ட் வாங்கினார். 1967-ல் மூன்று மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவருக்கு 3 ஏக்கர் 80 சென்ட் வந்தது. 1981-ல் அவர் தன் தம்பியிடம் 1 ஏக்கர் 20 சென்ட் வாங்கினார். ஆக 5 ஏக்கர். கிணறு மூன்றில் ஒரு பங்கு. விற்பவர் சொன்னதோடு எல்லாம் பொருந்தியது.

பொருந்தியதுதான் எங்களை ஏமாற்றியது. விற்பவர் சொன்ன அதே பின்னம் பத்திரத்திலும் இருந்ததால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்கவில்லை.

சீனியர் அம்மா அந்த நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதுல மூணுல ஒரு பங்கு? முழுக் கிணத்துலயா?"

பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. 1967 பாகப்பிரிவினைப் பத்திரம் கட்டில் 148-ம் பக்கம் தொடங்கி 171-ல் முடிகிறது. எங்கள் வெட்டு 162-ல் விழுந்திருந்தது. பத்திரத்தின் வாசகத்தை முதல் ஆள் படித்தார். சொத்து விவரமும், நாலு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தியும் இரண்டாம் ஆளுக்குப் போயின. விவரத்தில் "பொதுவில் உள்ள கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு பாத்தியம்" என்று இருந்தது. அதைப் படித்த இரண்டாம் ஆளுக்கு அந்தக் கிணற்றில் குடும்பத்துக்கு என்ன இருந்தது என்பது தெரியாது. அது 12-ம் பக்கத்தில், 1948 கிரயத்தில், "கிணறு 1-ல் பாதி பாத்தியமும்" என்று இருந்தது. மறு பாதி பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. முதல் ஆள் அதைப் படித்தார், ஆனால் பாகப்பிரிவினையின் சொத்து விவரத்தை அவர் பார்க்கவில்லை. இரண்டு வரியும் இரண்டு தலையில் இருந்தன, எந்தத் தாளிலும் ஒன்றாகச் சேரவில்லை.

பத்திரத்தில் வரும் பின்னம் தனியாக நிற்பதே இல்லை. "என் பாத்தியத்தில் பாதி" என்று எழுதியவர் தன் பாத்தியம் எவ்வளவு என்று அங்கே எழுதமாட்டார். அதைத் தெரிந்துகொள்ள முந்தைய பத்திரத்துக்குப் போக வேண்டும். அந்த முந்தையதும் அதற்கு முந்தையதைக் காட்டும். இப்படிப்பட்ட ஆவணத்தைத் துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். நாங்கள் மூன்று துண்டையும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் படித்தோம்.

இரண்டாவது முறை பிரித்தது

அந்த நான்கு பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினோம். கையில் 9 நாள் மிச்சம் இருந்தது. இந்த முறை நான் ஒருவனே முழுதும் படிப்பது, குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து பக்க எண்ணையும் சர்வே எண்ணையும் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு முழு மாலையும் எல்லை குறிப்பதற்கே போனது. எதையும் படிக்காமல், ஒவ்வொரு ஆவணமும் எந்தப் பக்கத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று மட்டும் புரட்டிப் பார்த்தோம். முத்திரைத் தாள் மாறும் இடம், சார்பதிவாளர் அலுவலக முத்திரை, ஆவண எண், சாட்சிக் கையெழுத்து வரும் பக்கம் ஆகியவற்றைக் கொண்டு இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். பிறகு அவற்றைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதினோம். கட்டைக் கலைக்கவில்லை, படிக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டோம். ஒரு அடமானத்தை அடைத்த ரசீது அடமானத்துக்கு இருநூறு பக்கம் தள்ளி, வரி ரசீதுகளுக்கு நடுவில் கிடந்தது. பக்கக் கணக்கில் பிரித்தபோது அடமானம் ஒருவரிடமும் ரசீது இன்னொருவரிடமும் இருந்தன. அதனால் முதல் சுருக்கத்தில் "அடமானம் நிலுவையோ" என்று ஒரு வீண் சந்தேகமும் வந்திருந்தது.

இப்படி 17 பகுதி வந்தது. பகுதிகள் ஒரே அளவில் இல்லை. பங்கை விட்டுக் கொடுத்து எழுதிய 2003-ம் வருடத்து விடுதலைப் பத்திரம் ஆறே பக்கம், ஆனாலும் அது தனிப் பகுதி. வரி ரசீதுகளும் அடங்கல்களும் நூறு பக்கத்துக்கு மேல் இருந்தும் ஒரே பகுதிதான். அவற்றை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தோம். உரிமை கைமாறும் இடத்தில்தான் வெட்ட வேண்டும் என்பது அளவுகோல். ஒரு பத்திரத்தின் வாசகத்தையும் அதன் சொத்து விவரத்தையும் எக்காரணத்துக்கும் பிரிக்கக் கூடாது.

ஓடுகுறிப்பு

பகுதிக்குப் பகுதி கூடவே வரும் தாளை நாங்கள் ஓடுகுறிப்பு என்று சொல்லிக்கொண்டோம். அதன் வடிவத்தைக் குமாஸ்தாதான் சொன்னார். அவர் முன்பு ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். "பேரேட்டுல முன்பக்கத் தொகைய மேல எழுதிட்டுத்தானுங்க அடுத்த பக்கம் ஆரம்பிப்போம், இதையும் அப்படியே எழுதலாமுங்க" என்றார். சுருக்கம் எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. சுருக்கம் என்பது முடிந்துபோன பகுதியைப் பற்றியது. ஓடுகுறிப்போ அடுத்த பகுதியைப் படிக்கப் போகிறவன் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

ஒவ்வொரு பகுதியையும் தொடங்கும் முன் அதுவரை வந்த இருப்பைப் புதுத் தாளின் மேலே எழுதினேன்: எந்த சர்வே எண்ணில் யாருக்கு எவ்வளவு, கிணற்றில் யாருக்கு எவ்வளவு. பகுதியைப் படித்தபின் அதில் யார் கொடுத்தார், யார் வாங்கினார், எதில் எவ்வளவு என்று எழுதி, கீழே மிச்ச இருப்பு. ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் கட்டாயம். பத்திரத்தின் பங்கு வாசகத்தை என் சொல்லில் மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். தாளின் ஓரத்தில் விடை கிடைக்காத கேள்விகளுக்கு ஓர் இடம் விட்டிருந்தோம். விடை கிடைத்த கேள்வியை அழிக்காமல், ஒரு கோடு போட்டு, விடை இருந்த பக்க எண்ணைப் பக்கத்தில் எழுதுவோம்.

கிணற்றுக் கணக்கு இப்படி நகர்ந்தது. 1948 கிரயத்தின் முடிவில் இருப்பு: தாத்தாவுக்குப் பாதி. இதைத் தலைப்பில் எழுதிக்கொண்டு 1967 பாகப்பிரிவினைக்குப் போனபோது "மூன்றில் ஒரு பங்கு" என்ற வாசகம் வந்தது. மேலே "பாதி" என்று கண் முன்னால் எழுதியிருந்ததால், பாதியில் மூன்றில் ஒன்று, அதாவது ஆறில் ஒன்று என்பது எந்தக் குழப்பமும் இல்லாமல் வந்தது. மூத்தவருக்கு 1/6. 1981-ல் தம்பி தன் நிலத்தில் 1 ஏக்கர் 20 சென்டை விற்றபோது "கிணற்றில் எனக்குள்ள பாத்தியத்தில் பாதியும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவருடையதும் 1/6 என்பதால் அதில் பாதி 1/12. மூத்தவருக்குக் கூட்டிப் பார்த்தால் 1/4. அவர் காலமான பின் 1994-ல் அவருடைய இரண்டு மகன்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், தலைக்கு 1/8. 2011-ல் இளையவர் தன் பாகம் முழுவதையும் அண்ணனுக்குக் கிரயம் கொடுத்துவிட்டார். அந்த அண்ணன்தான் இப்போது விற்பவர். ஆக அவருக்குக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு. மூன்றில் ஒன்று இல்லை.

விற்பவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். 1967 பத்திரத்தில் இருந்த "மூன்றில் ஒரு பங்கு" என்ற வார்த்தை அந்த வீட்டில் வாய்வழியாக அப்படியே வந்திருக்கிறது. எதில் மூன்றில் ஒன்று என்பது விட்டுப்போயிற்று. எங்கள் முதல் சுருக்கத்தில் நடந்ததும் இதேதான். சந்தேகம் தீர, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் தண்ணீர் முறை எப்படி ஓடுகிறது என்று வாங்குபவரையே கேட்டு வரச் சொன்னோம். எட்டு நாளில் இவர்களுக்கு இரண்டு நாள் என்றார். எட்டில் இரண்டு என்பது நாலில் ஒன்றுதான். தோட்டத்தில் முறை சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராவது பகுதியில் நடந்த பிழை

ஓடுகுறிப்பு வைத்ததால் பிழையே வராது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அதே முறையில் இன்னொரு பிழையை நானே செய்தேன். முதல் பிழையைவிட இது ஆபத்தானது.

மூத்தவருக்கு மகன்கள் இருவரைத் தவிர ஒரு மகளும் உண்டு. 1986-ல் காங்கேயம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தந்தை 1992-ல் உயில் எழுதாமல் காலமானார். 1994 பாகப்பிரிவினையில் தாயும் இரண்டு மகன்களும் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தாய் தன் பங்கை மகன்களுக்கே விட்டுக் கொடுத்திருந்தார். மகளைப் பற்றி, "சகோதரிக்குச் செய்ய வேண்டிய சீர்வகைகள் செய்து முடித்துவிட்டபடியால் அவருக்கு மேற்படி சொத்தில் பாத்தியம் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. இந்த வரியை எங்கள் பகுதிப் பழைய பத்திரங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் கையெழுத்துப் போடாதவரை இந்த வரியால் அவருடைய உரிமை போய்விடாது. ஆகவே ஓரத்தில் கேள்வி எழுதினேன்: "மகள் கையெழுத்து இல்லை. விடுதலை உண்டா?"

2003-ம் வருட விடுதலைப் பத்திரத்தில் விடை கிடைத்தது. கட்டின் 371-லிருந்து 376 வரை. அண்ணன் தம்பி இருவருக்கும் சகோதரி எழுதிக் கொடுத்திருக்கிறார். குறிப்பில் எழுதினேன்: "மகள் விடுதலை, 2003, ச.எண் 214, ப.373." கேள்விக்குக் கோடு போட்டேன்.

அடுத்த பகுதிக்குப் போகும்போது தாள் நிறைந்துவிட்டது. ராத்திரி ஒன்பதரை மணி. புதுத் தாளில் இருப்பை எழுதும்போது இடம் மிச்சம் பிடிக்க அந்த வரியை "மகள் – விடுதலை ஆயிற்று" என்று சுருக்கினேன். சர்வே எண்ணும் பக்க எண்ணும் போய்விட்டன. அதற்குப் பிறகு வந்த ஆறு பகுதிகளிலும் அந்தச் சுருங்கிய வரிதான் கூடவே வந்தது. ஒவ்வொரு முறை நகலெழுதும்போதும் அது இன்னும் உறுதியாகத் தெரிந்ததே தவிர, என்ன விட்டுப்போயிற்று என்பது தெரியவில்லை. நகலின் நகலைப் பார்த்து எழுதுகிறவனுக்கு மூலத்தில் என்ன இருந்தது என்று தெரிய வழியில்லை.

விஷயம் இதுதான்: 1967 பாகத்தில் வந்த 3 ஏக்கர் 80 சென்ட் சர்வே எண் 214-ல் இருக்கிறது. 1981-ல் தம்பியிடம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் 217-ல் இருக்கிறது. விடுதலைப் பத்திரம் 214-க்கு மட்டும்தான்.

பின்னோக்கிப் படித்தபோது

17 பகுதியும் முடிந்ததும் ஓடுகுறிப்பின் கடைசித் தாளைச் சீனியரிடம் கொடுத்தேன். அவர் கட்டைப் படிக்கப் போவதில்லை, நேரம் இல்லை. ஆனால் குறிப்பை மட்டும் படித்து ஒப்புக்கொள்வதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரியும். குறிப்பில் வராததைக் குறிப்பைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அவர் கடைசியிலிருந்து முதலுக்கு வந்தார். நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: இது இவருக்கு எங்கிருந்து வந்தது, பக்கம் சொல்லு. நான் பக்கத்தைத் திருப்பி, பத்திரத்தின் வாசகத்தை உரக்கப் படிக்க வேண்டும். குறிப்பிலிருந்து பதில் சொல்லக் கூடாது.

214-க்குச் சிக்கல் இல்லாமல் 1948 வரை போய்விட்டோம். 217-க்கு 2011, 1994 என்று வந்தபின் "மகள்?" என்று கேட்டார். "விடுதலை ஆயிற்றுங்க மேடம்" என்றேன். "பக்கம்?" என்றார். புதுத் தாளில் பக்கம் இல்லை. பழைய தாளைத் தேடி எடுத்து 373-ஐத் திருப்பிச் சொத்து விவரத்தைப் படித்தேன். அதில் 217 இல்லை. இரண்டு முறை படித்தேன், குமாஸ்தாவும் ஒரு முறை படித்தார். இல்லை.

1981 கிரயத்தில், தன் சொந்தச் சம்பாத்தியப் பணத்தில் வாங்குவதாகத் தந்தை எழுதியிருந்தார். அப்படியானால் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ம் பிரிவுப்படி மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் ஆகிய நால்வருக்கும் சம பங்கு. 1 ஏக்கர் 20 சென்டில் மகளுக்கு 30 சென்ட். 1986-ல் கல்யாணம் ஆனதோ சீர் செய்ததோ இதை மாற்றாது. 214-ல் அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது வேறு கணக்கு; அதற்கு விடுதலை இருப்பதால் அதற்குள் நாங்கள் போகவில்லை.

விளைவு

ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது இரு தரப்பையும் கூப்பிட்டுச் சொன்னோம். விற்பவருக்கு முதலில் கோபம் வந்தது. "முப்பது வருசமா நாங்கதானுங்க ஓட்டிட்டு இருக்கறோம்" என்றார். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் அனுபவிப்பது மற்றவர்களுக்காகவும் அனுபவிப்பதாகத்தான் கருதப்படும், மற்றவர்களை வெளிப்படையாக விலக்கி வைத்ததாகக் காட்டாதவரை வருடக் கணக்கு மட்டும் போதாது என்று சீனியர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வாங்குபவரின் மனைவி அதுவரை பேசாமல் இருந்தவர், "அந்த அக்காவையே நேர்ல பாத்துக் கேட்டுரலாமுங்க" என்றார்.

பார்த்தோம். விற்பவரின் தங்கை எந்தத் தகராறும் செய்யவில்லை. 2003-ல் கையெழுத்துக் கேட்டபோது அய்யனுக்குப் பாகத்தில் வந்த காட்டைப் பற்றி மட்டுமே அண்ணன்கள் சொன்னதாகவும், சித்தப்பாவிடம் வாங்கிய காடு தனியாக இருப்பது தனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை என்றும் சொன்னார். விடுதலை எழுதிக் கொடுக்கவும் சம்மதித்தார். ஆனால் வேறு வழியில் போகலாம் என்று சீனியர் சொன்னார்: 217-ஐப் பொறுத்தவரை அவரும் விற்பவர்களில் ஒருவராகச் சேர்ந்து கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், 30 சென்டுக்கான தொகை நேராக அவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அண்ணன் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். 217-ஐச் சேர்ந்த கிணற்றுப் பாத்தியத்தில் தங்கைக்கு இருந்த பங்கும் அந்தக் கையெழுத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது.

கிணற்று வாசகம் மாறியது. "மூன்றில் ஒரு பங்கு" என்பதை அடித்துவிட்டு, "முழுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியமும், எட்டு நாள் முறையில் இரண்டு நாள் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும்" என்று எழுதினோம். "முழுக் கிணற்றில்" என்ற சொல்லை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன், இன்னும் நாற்பது வருடம் கழித்து இதைப் படிக்கப் போகிறவருக்காக. தண்ணீர்ப் பங்கு குறைந்ததால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். 12 நாளில் முடிய வேண்டிய ஒப்பந்தம் ஐந்து வாரம் தள்ளி நடந்தது.

அதன் பிறகு மாற்றிக்கொண்டவை

ஓடுகுறிப்பை இப்போது இரண்டாகப் பிரித்து வைக்கிறோம். ஒன்று இருப்புத் தாள்; பகுதிக்குப் பகுதி திருப்பி எழுதப்படுவது, ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இன்னொன்று வாசகப் பேரேடு; பங்கு, சர்வே எண், கையெழுத்து சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வரியும் பத்திரத்தில் உள்ளபடியே பக்க எண்ணோடு அதில் ஏறும், அது எப்போதும் திருப்பி எழுதப்படாது. எத்தனை பக்கம் ஆனாலும் ஆகட்டும். இருப்புத் தாளைப் புதிதாக எழுதும்போது பழைய இருப்புத் தாளைப் பார்த்து எழுதுவதில்லை, பேரேட்டைப் பார்த்தே எழுதுகிறோம். சுருக்கத்திலிருந்து சுருக்கம் எடுத்ததுதான் என் பிழைக்குக் காரணம். இந்த மாற்றத்தால் வேலை கூடியது, ஆனால் இரட்டிப்பாகவில்லை.

ஓரத்துக் கேள்வியை முடிக்கும் விதியும் கடுமையானது. நான் கேட்டிருந்த கேள்வியே போதாத கேள்வி. "விடுதலை உண்டா" என்று கேட்டால் உண்டு என்று விடை வந்துவிடும். "214-க்கு விடுதலை உண்டா, 217-க்கு உண்டா" என்று இரண்டு கேள்வியாக எழுதியிருந்தால் இரண்டாவது முடியாமல் நின்றிருக்கும். இப்போது ஒவ்வொரு கேள்வியும் ஒரு சர்வே எண், ஒரு ஆள் என்று எழுதப்படுகிறது.

பின்னோக்கிப் படிப்பதைப் படித்தவரே செய்வதில்லை, குறிப்பு எழுதாத ஒருவர் கேட்க வேண்டும். என் குறிப்பை நானே பின்னோக்கிப் பார்த்திருந்தால் "விடுதலை ஆயிற்று" என்ற வரியைத் தாண்டிப் போயிருப்பேன், அதை எழுதியவன் நான்தானே.

இந்த முறைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. கட்டுக்குள் இருப்பதை மட்டுமே ஓடுகுறிப்பு காட்டும். கட்டுக்கு வராத பத்திரம் இருந்தால் இருப்புக் கணக்கில் ஒரு பொருந்தாமையாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதற்கு வில்லங்கச் சான்றின் ஒவ்வொரு பதிவையும், முதல் மாலை ஆவணங்களைத் தேதி வாரியாக எழுதிய எல்லைத் தாளோடு வைத்து டிக் அடித்துப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் அதைக் கடைசி நாளில் செய்தோம், ஒன்றும் விட்டுப்போகவில்லை. இப்போது அதையும் முதல் மாலையிலேயே, எல்லை குறிக்கும்போதே செய்துவிடுகிறோம். கட்டைக் கொண்டு வருகிறவர்களிடம் ஒப்பந்தத் தேதி குறித்துவிட்டீர்களா என்றுதான் சீனியர் முதலில் கேட்கிறார். குறித்திருந்தால் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுத்தான் நூலை அவிழ்க்கிறோம்.